சுவர் விடாத சிகரெட் வாடை

அந்த அறையில் முன்பு குடியிருந்தவர் காலி செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் போனார், அவருடைய சிகரெட் வாடை போகவில்லை. பெட்டாலிங் ஜெயா பழைய டவுன் பக்கம், ஒரு தரைவீட்டின் கீழ்த்தள அறை. தனிக் குளியலறை, ஒரு ஏர்கோன், ஒரு துணி சோபா, ஒரு பெரிய அலமாரி. மாதம் 700 வெள்ளி. அந்த வட்டாரத்தில் அந்த விலைக்கு அப்படி ஓர் அறை கிடைக்காது. கிடைத்ததற்குக் காரணம் அந்த வாடைதான். என்னோடு வந்த தோழி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எனக்கு வேறு வழி அதிகம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. தைப்பிங்கில் அக்கா வீட்டில் இருந்தவரை, மேல் சிகிச்சைக்காக இரண்டு மாதம் என்னோடு தங்க வைக்க வேண்டும். நான் இருந்த வாடகை அறை நான்காவது மாடி, மின்தூக்கி கிடையாது. படி இல்லாத அறை, மருத்துவமனைக்குப் பக்கம், என் சம்பளத்துக்குள் அடங்கும் வாடகை. மூன்றும் ஒன்றாக இருந்தது இங்கேதான். ஆனால் அம்மாவுக்கு இழுப்பு நோயும் உண்டு. இன்ஹேலரைக் கையோடு வைத்திருப்பவர். பழைய புகை ஏறிய அறையில் அவரைப் படுக்க வைக்க முடியாது. அம்மா வர இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

வீட்டுக்கார ஆண்டி சீனர், அறுபது வயதைத் தாண்டியவர், நல்ல மனுஷி. எட்டு மாதமாக அவரும் சும்மா இருக்கவில்லை. சன்னலைத் திறந்து வைத்தார். அறையின் நான்கு மூலையிலும் வாசனைக் கட்டிகளைத் தொங்கவிட்டார். காப்பித்தூளைத் தட்டில் வைத்தார். கடைசியில் ஓர் ஆளை வைத்து வெள்ளைச் சாயமும் அடித்துவிட்டார். "புதுச் சாயம் அடிச்சாச்சு, இனி வாடை வராது" என்று என்னிடம் மலாயில் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் கண் கூரையில் இருந்தது. குளியலறைக் கதவுக்கு மேலே, புத்தம் புதிய வெள்ளையில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை ஊறி வந்திருந்தது.

அந்தக் கறைதான் விஷயத்தின் மொத்தமும். சிகரெட் வாடை காற்றில் இருப்பது என்று நாம் நினைக்கிறோம். அதனால்தான் சன்னலைத் திறக்கிறோம், வாசனை தெளிக்கிறோம். புகை காற்றில் இருப்பது சில மணி நேரம்தான். பிறகு அதிலுள்ள தாரும் நிகோடினும் சுவர், கூரை, துணி, கண்ணாடி எல்லாவற்றின் மேலும் மெல்லிய பிசினாகப் படிந்துவிடுகின்றன. அந்தப் பிசின்தான் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வாடை விடுகிறது. வெயில் ஏறினால், மழைக்குப் பின் காற்றில் ஈரம் ஏறினால், வாடையும் ஏறும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. இதற்கு மூன்றாம் நிலைப் புகை என்று பெயர் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், புகைப்பவர்கள் காலி செய்து, சுத்தமும் செய்து, இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீடுகளில்கூட, புதிதாகக் குடிவந்தவர்களின் வீட்டுத் தூசியிலும் பரப்புகளிலும் நிகோடின் கிடைத்தது. ஆக, காத்திருந்தால் தானாகப் போய்விடும் என்பது நடக்கிற காரியமில்லை. படிந்ததைக் கழுவி எடுக்க வேண்டும். எடுக்க முடியாததை மூடி அடைக்க வேண்டும். இரண்டும் முடியாததை வெளியே போட வேண்டும்.

முன்பணம் கொடுக்குமுன் இரண்டு சோதனைகள் செய்தேன். ஒரு வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சன்னல் சட்டத்திலும் அலமாரியின் மேல்விளிம்பிலும் ஒரு முறை அழுத்தித் துடைத்தேன். வெறும் தூசி என்றால் துணியில் சாம்பல் நிறம் வரும். இங்கே வந்தது பாலில்லாத தேநீர் நிறம், தொட்டால் பிசுபிசுப்பு. அடுத்தது மூக்குக்கான சோதனை. வாடை பிடித்த அறைக்குள் பத்து நிமிடம் நின்றால் மூக்கு பழகிவிடும். எது நாறுகிறது, எது நாறவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. அதனால் திரைச்சீலை ஒன்றையும், சோபாவின் முதுகு மெத்தை ஒன்றையும், அலமாரித் தட்டுப்பலகை ஒன்றையும் தனித்தனியாகக் குப்பைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, வெளித் திண்ணையில் வெயிலில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, நல்ல காற்று வாங்கிய மூக்கோடு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். திரைச்சீலையில் வாடை கடுமை. பலகையில் மிதம். சோபா மெத்தைப் பையைத் திறந்தபோது ஆண்டியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கேயே பேசி முடித்தோம். உழைப்பு என்னுடையது, சாயச் செலவு அவருடையது, முதல் மாத வாடகையில் பாதி தள்ளுபடி. இதை வாய்ப்பேச்சாக விடாமல் வாட்சாப்பிலும் எழுதி, அறையின் படங்களையும் கறையோடு சேர்த்து அனுப்பி வைத்தேன். பின்னாளில் "இந்தக் கறை யாருடையது" என்ற கேள்வி முன்பணத்தில் வந்து நிற்கக்கூடாது அல்லவா?

வேலையில் முதல் நியாயம் வரிசை. துணிகள் எல்லாம் முதலில் அறையை விட்டு வெளியேற வேண்டும். சுவரும் ஏர்கோனும் சுத்தமான பிறகுதான் திரும்பி வர வேண்டும். துவைத்த திரைச்சீலையைக் கழுவாத அறையில் மாட்டினால் ஒரே வாரத்தில் அது மறுபடி வாடையைக் குடித்துவிடும். பலர் திரைச்சீலையை மட்டும் இரண்டு மூன்று தடவை துவைத்துச் சலித்துப் போவது இதனால்தான்.

சனிக்கிழமை காலையில் திரைச்சீலைகளைக் கழற்றினேன். வெளிச்சம் புகாத வகை, பின்பக்கம் ரப்பர் மாதிரி பூச்சு உள்ளது. இந்த வகைக்குக் கொதிநீரும் கூடாது, டோபி கடையின் சூட்டு உலர்த்தியும் கூடாது. பூச்சு ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீர் ஒரு வாளி, அதில் இரண்டு கோப்பை வெள்ளைச் சூக்கா. முக்கால் மணி நேரம் ஊறவைத்தேன். நிகோடின் காரத்தன்மை உள்ள பொருள். அமிலத்தோடு சேரும்போது உப்பாக மாறி நீரில் எளிதாகக் கரையும். காற்றில் ஆவியாவதும் குறையும். சூக்கா வாடையை மறைக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு, அது மறைக்கவில்லை, கரைக்கிறது. ஆனால் தாரை அது கரைக்காது. தார் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி, அதற்குச் சோப்புதான் வேண்டும். ஆகவே முதலில் சூக்கா ஊறல், அலசல், பிறகு சலவைத்தூளில் தனியாகத் துவையல். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று அடித்துவிட்டு இரண்டுமே வேலை செய்யாது.

தொலைபேசியில் அம்மாவிடம் சூக்கா என்று சொன்னதும், "எந்த சூக்காடி? தோட்டத்துல பால் உறைய ஊத்துவோமே, அதை வாங்கிடாதே. கையெல்லாம் வெந்துபோகும்" என்றார். பால்மரக் காட்டில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர், சரியாகத்தான் சொன்னார். ரப்பர் பால் உறைய வைக்கும் சூக்கா ஃபார்மிக் அமிலம். நமக்குத் தேவை சமையலுக்கு விற்கும் சாதாரண வெள்ளைச் சூக்கா மட்டுமே. நானும் ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தைச் சூக்காவோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக்கூடாது, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வாளியில்கூட ஊற்றக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நெஞ்சை அடைத்துவிடும்.

முதல் ஊறல் நீர் தே ஓ நிறத்தில் வந்தது. இரண்டாவது, அதில் பாதி. மூன்றாவது அலசலில் நீர் தெளிந்தது. எத்தனை முறை துவைப்பது என்பதற்கு நீரின் நிறம்தான் அளவு. வாசனைத் துணிமென்மையாக்கி போடவில்லை. அது நூலின் மேல் ஒரு பூச்சாக ஒட்டி, மிச்சமிருக்கும் வாடையையும் உள்ளே பூட்டி வைத்துவிடும். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் ஒரு நாள், மறுநாள் காலை வெயிலில் சில மணி நேரம். பிறகு மறுபடி பைச் சோதனை. பையைத் திறந்தால் சூக்காவும் இல்லை, சிகரெட்டும் இல்லை, வெறும் துணி மணம். அவற்றை மடித்துத் தோழி வீட்டில் கொடுத்து வைத்தேன்.

ஞாயிறு முழுக்கக் கூரையும் சுவரும். புகை சூட்டோடு மேலே போவதால் கூரையில்தான் படிவு அதிகம். சுவரை மினுக்கிவிட்டுக் கூரையை விட்டுவிட்டால் பாதி வாடை தலைக்கு மேலேயே நிற்கும். ஹார்ட்வேர் கடையில் 'சுகர் சோப்' என்று கேட்டால் சாயச் சுவர் கழுவும் காரச் சோப்பு கிடைக்கும். தூளாக இருக்கும்போது சர்க்கரை மாதிரி தெரிவதால் அந்தப் பெயர், இனிப்பு ஒன்றும் கிடையாது. அதன் டப்பாவில் போட்ட அளவுப்படி வெந்நீரில் கலந்தேன். அது கிடைக்காத ஊரில் ஐந்து லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போதும், கையை இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ரப்பர் கையுறை, கூரைக்குக் கண்ணாடி, தரைக்குப் பழைய தமிழ்ப் பத்திரிகைகள். மின்சாரப் பெட்டியில் அந்த அறையின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் சுவிட்சுப் பலகைகளைத் தொட்டேன்.

சுவரைக் கழுவுவதில் வழக்கத்துக்கு மாறான ஒரு முறை உண்டு. கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த கறைச் சுவரில் கோடாக வழியும். அந்தக் கோடு பிறகு எளிதில் அழியாது. கீழ்ப்பகுதி ஏற்கெனவே நனைந்து கழுவப்பட்டிருந்தால் மேலிருந்து வழிவதை ஒரு துடைப்பில் எடுத்துவிடலாம். ஒரு கை அகலம், ஓர் ஆள் உயரம் என்று பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டேன். சோப்பு நீரில் நனைத்த கடற்பஞ்சால் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டு, இன்னொரு வாளியின் நல்ல நீரால் துடைத்து, அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். வாளி நீர் தே ஓ நிறம் ஆனதும் கொட்டிவிட்டுப் புதுசு. அந்த ஒரு கூரைக்கு மட்டும் பதினொரு வாளி மாற்றினேன். அழுக்கு நீரிலேயே தொடர்ந்தால் ஓரிடத்து தாரை இன்னோர் இடத்தில் பூசியதாகத்தான் முடியும்.

கடைசியில் சோப்பெல்லாம் நீங்கிய சுவரை, நான்கு லிட்டர் நீருக்கு ஒரு கோப்பை சூக்கா கலந்த நீரில் ஒரு முறை துடைத்தேன். அந்த வாடை ஒரு நாளில் போய்விடும்.

சுவர் என்றால் நான்கு சுவர் மட்டும் இல்லை. காற்றாடி இறக்கையின் மேல்பக்கம், விளக்கு மூடி, கதவின் மேல்விளிம்பு, சன்னல் கிரில் கம்பி ஒவ்வொன்றும், கொசுவலைச் சட்டம், திரைச்சீலைக் கம்பி, அலமாரியின் உச்சி. விளக்கைப் போட்டதும் சூட்டில் வாடை கிளம்புகிறது என்றால் மூடியில் பிசின் இருக்கிறது என்று அர்த்தம். என்னோடு வேலை செய்த தோழி இந்தச் சில்லறை வேலைகளுக்கே ஒரு மதியம் முழுவதையும் கொடுத்தாள். அவளுக்கு நான் இன்னும் ஒரு பிரியாணி கடன்.

காய்வதற்கு அவசரப்படக்கூடாது. நம் ஈரக்காற்றில் கழுவிய சுவர் உள்வரை காய இரண்டு மூன்று நாள் ஆகும். காற்றாடியை ஓடவிட்டு, பகலில் சன்னலைத் திறந்து வைத்தேன். புதன்கிழமை மாலை அறையை ஐந்து மணி நேரம் மூடி வைத்துவிட்டு, வேலையிலிருந்து நேராக வந்து திறந்து பார்த்தேன். வாடை பாதிக்குமேல் குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. முகர்ந்து போனால் குளியலறைப் பக்கத்துக் கூரை. அங்கே மட்டும் இன்னொரு கழுவல்.

சாயம் அடிக்க வந்த அண்ணன் நம்மவர், பூச்சோங்கிலிருந்து. அவரிடம் கதையைச் சொன்னதும், "அந்த ஆண்டி முன்னாடி அடிச்சது தண்ணிச் சாயம்மா. அதான் ஊறி வந்திருக்கு" என்றார். விளக்கம் எளிது. எமல்ஷன் எனப்படும் சாதாரணச் சாயத்தில் நீர் இருக்கிறது. ஈரமான சாயம் பழைய கறையின் மேல் உட்காரும்போது நிகோடினும் தாரின் ஒரு பகுதியும் அந்த நீரில் கரைந்து, சாயம் காயக் காய மேலே ஏறி வந்து மஞ்சளாக நிற்கும். எத்தனை அடுக்கு அடித்தாலும் அடுத்த அடுக்கிலும் ஏறும். அதனால் நடுவில் நீரில் கரையாத ஒரு தடுப்பு வேண்டும், எண்ணெய் அடிப்படையிலோ ஷெல்லாக் எனும் அரக்கு அடிப்படையிலோ செய்த கறை தடுக்கும் அடிச்சாயம்.

ஆண்டிக்கு இந்தக் கூடுதல் செலவு பிடிக்கவில்லை. கழுவியாகிவிட்டதே, இன்னும் ஏன் என்றார். கேட்கத்தக்க கேள்விதான், சில அறைகளில் கழுவலே போதும். அண்ணன் வாதாடவில்லை. கூரையில் குளியலறைப் பக்கம் ஒரு சதுர அடிக்குச் சாதாரணச் சாயமும், அதன் பக்கத்திலேயே ஒரு சதுர அடிக்கு, வேறொரு வீட்டு வேலையில் மிஞ்சிய தடுப்புச் சாயத்தின் மேல் சாதாரணச் சாயமும் அடித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து ஆண்டியை அழைத்துக் காட்டினோம். முதல் சதுரத்தின் நடுவில் வெளிறிய மஞ்சள் தட்டியிருந்தது. இரண்டாவது வெள்ளையாகவே இருந்தது. ஆண்டி ஒன்றும் சொல்லாமல் கைப்பையைத் திறந்தார்.

கடையில் வாங்கும்போது ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. 'வால் சீலர்' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் புதுச் சிமெண்டுச் சுவருக்கு அடிப்பதை எடுத்துத் தருவார். அது சிமெண்டின் காரத்தைத் தடுப்பதற்கு, பெரும்பாலும் நீர் கலந்தது. நிகோடினை அது நிறுத்தாது. டின்னில் புகைக் கறை, நிகோடின் கறை தடுக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்க வேண்டும். சனிக்கிழமை அந்த அடிச்சாயம் ஒரு கை, ஞாயிறு எமல்ஷன் இரண்டு கை. அந்த அடிச்சாயத்தின் நெடி கடுமையானது, தீப்பற்றக் கூடியதும்கூட. சன்னல், கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ கூடாது. அம்மா வருவதற்கு ஐந்து நாள் முன்னதாகவே சாய வேலையை முடித்தது அந்த நெடிக்காகத்தான். சிகரெட்டை விரட்டிவிட்டு அந்த நெடியில் இழுப்பை வரவழைப்பதில் என்ன பயன்?

ஏர்கோன் வேலையைச் சாயத்துக்கு முதல் நாளே வைத்துக்கொண்டேன், அழுக்கு நீர் புதுச்சுவரில் தெறிக்கக்கூடாது என்று. மூடிய அறையில் புகைத்தவர் என்றால் அறைக்காற்று முழுவதும் அந்தப் பெட்டிக்குள் ஆயிரம் முறை போய் வந்திருக்கும். வடிகட்டியை நாமே கழற்றிச் சோப்பில் கழுவலாம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் குளிர்க்குழாய்த் தகடுகளில், எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், தார் ஒட்டியிருக்கும். அதற்குக் கெமிக்கல் வாஷ் தேவை, சாதாரணச் சர்வீஸ் போதாது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஏர்கோனைப் போட்ட முதல் ஓரிரு நிமிடத்தில் பழைய வாடை ஒரு வீச்சாக வந்து, பிறகு குறைந்தால், அது அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வருகிறது. ஆள் வந்து கழுவியபோது வடிந்த நீரைப் பார்த்துவிட்டு, "உள்ளே யாரோ காப்பி கலக்கியிருக்காங்க" என்றார்.

இனி சோபா. ஆண்டிக்கு அதன் மேல் பிரியம், மகன் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். அதனால் எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன். கழற்ற முடிந்த உறைகளைத் திரைச்சீலை மாதிரியே ஊறவைத்துத் துவைத்தேன், அவை தேறின. கழற்ற முடியாத உடல்பகுதியை வேக்குவம் போட்டு, ஆப்ப சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு, மறுபடி உறிஞ்சினேன். இணையத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் இது. மேலோட்டமான வாடை கொஞ்சம் குறையும். ஆனால் தூள் துணியின் மேல் கிடக்கிறது, வாடை உள்ளே நான்கு அங்குல நுரைக்குள் கிடக்கிறது. வெயிலில் இரண்டு நாள் வைத்தபோது சூட்டில் வாடை இன்னும் கிளம்பியது. கிளம்பட்டும், அதுவும் வெளியேறும் வழிதான் என்று விட்டேன். ஆனால் மூன்றாம் நாள் பைச் சோதனையில் பெரிய மாற்றம் இல்லை.

சோப்பு நீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் வைத்துச் சோபா கழுவுபவர்கள் இருக்கிறார்கள். ஒருவரைக் கேட்டேன். வந்து அழுத்திப் பார்த்துவிட்டு நேர்மையாகச் சொன்னார், துணியும் மேல் அரை அங்குலமும்தான் சுத்தமாகும் என்று. அதைவிட ஆழமாக நனைத்தால் நம் ஊர் ஈரத்தில் நுரை ஒரு நாளில் காயாது. பூஞ்சை பிடித்தால் சிகரெட் வாடையோடு பூஞ்சை வாடையும் சேரும். இழுப்புக்காரருக்கு இரண்டாவது இன்னும் மோசம். வேறொருவர் ஓசோன் இயந்திரம் வாடகைக்குத் தருவதாகச் சொன்னார், இரவு முழுக்க ஓடவிட்டால் எல்லாம் போய்விடுமாம். வேண்டாம் என்றேன். ஓசோன் நுரையீரலை எரிக்கும் வாயு. அதோடு நிகோடினுடன் வினைபுரிந்து நுண்ணிய துகள்களை உண்டாக்கும். பிசின் அப்படியே இருக்க, காற்றில் இன்னொன்றைச் சேர்ப்பதுதான் மிச்சம்.

ஆக, சோபாவின் நுரை போக வேண்டும். மெத்தை தைக்கும் கடையில் விசாரித்தால், உட்காரும் இரண்டு மெத்தைக்கும் முதுகு மெத்தைக்கும் புது நுரை வெட்டிப் போட 180 வெள்ளி. உடல்பகுதியைப் பிரித்து மறுபடி கட்டுவது என்றால் புதுச் சோபா விலை. மெத்தை நுரையை மட்டும் மாற்றினால் பயனில்லை. கைப்பிடியும் முதுகுத் தளமும் பழைய வாடையைப் புது நுரைக்குக் கொடுத்துவிடும். ஆண்டியிடம் மறுபடி பையைப் பிரித்துக் காட்டினேன். இந்த முறை கழுவிய திரைச்சீலைப் பை ஒன்றும், சோபாவின் கைப்பிடித் துணியில் வெட்டிய சிறு துண்டும் நுரையும் உள்ள பை ஒன்றும். இரண்டையும் முகர்ந்தார். கொஞ்ச நேரம் சோபாவையே பார்த்தார். "மகன்கிட்ட சொல்லாதே" என்றார். மறுநாள் காலையில் அது பின்புறக் கொட்டகைக்குப் போயிருந்தது. அதன் இடத்தில் பிரம்பு நாற்காலி இரண்டு வந்தன. அம்மாவுக்கு அதுதான் வசதி, தாழ்ந்த சோபாவிலிருந்து முழங்கால் மடக்கி எழ வேண்டியதில்லை.

அலமாரி கடைசி வரை தொல்லை கொடுத்தது. வெளிப்பக்கம் மெழுகுப்பூச்சு இருந்ததால் ஒரே துடைப்பில் சுத்தமானது. உள்ளே பின்பலகை பூச்சில்லாத வெறும் பலகை. அதைக் கழுவவும் முடியாது, நீர் பட்டால் உப்பிவிடும். சுவருக்கு வாங்கிய தடுப்புச் சாயத்தில் மிச்சமிருந்ததை அண்ணன் அதன் உள்பக்கம் முழுக்க ஒரு கை இழுத்துவிட்டார். கதவைத் திறந்தே ஐந்து நாள் வைத்தேன். பின்பலகையின் மறுபக்கம், சுவரோடு ஒட்டி நிற்கும் பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அலமாரியை நகர்த்தும் பலம் எங்கள் இருவருக்கும் இல்லை.

அம்மா வந்து ஏழு வாரம் ஆகிறது. இந்த அறையில் இன்ஹேலரை வழக்கத்தைவிட அதிகமாகத் தேடவில்லை. மூன்றாவது வாரம் நாங்கள் இருவரும் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தபோது, பூட்டிக்கிடந்த அறையைத் திறந்ததும் முதல் மூச்சில் பார்த்தேன், புதுச் சாய மணம் மட்டும்தான். போன வாரம் விடாமல் மூன்று நாள் மழை. அன்றைக்கு அலமாரி மூலையில் குனிந்தால் மெல்லிய பழைய வாடை இருந்தது, நிமிர்ந்தால் இல்லை. அண்ணனின் மகன்கள் இருவரும் பள்ளி விடுமுறைக்கு இந்த மாதக் கடைசியில் வருகிறார்கள். அலமாரியை நகர்த்தித் தரச் சொல்லியிருக்கிறேன். தடுப்புச் சாயம் இன்னும் கால் டின் இருக்கிறது.